எட்டு டிகிரி எந்தப் பக்கம்?

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்குப் பேர் போன ஊர். அங்கே மூட்டை மூட்டையாக இறங்கும் கிழங்கில் மேலே நீலகிரியில் விளைந்ததும் உண்டு. ஊட்டியில் கிழங்கு விளையும், அடிவாரத்தில் அது கட்டுப்படியாகாது என்று சொல்லக் கணினி எதற்கு? ஆனால் இரண்டுக்கும் நடுவே, மலை ஏறும் வழியில், ‘நல்ல நிலம்’ எங்கே முடிகிறது, ‘சுமாரான நிலம்’ எங்கே தொடங்குகிறது, ‘வேண்டவே வேண்டாம்’ எங்கே வருகிறது என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னால் யாருக்கும் கை தயங்கும். மலையில் கோடு கிடையாது. கோட்டை நாம்தான் போடுகிறோம். அந்தக் கோட்டை ஒரே ஒரு வரிச் சூத்திரமாக எழுதுவதையும், அந்த ஒரு வரி எப்படியெல்லாம் நம்மை ஏமாற்றும் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கையில் இருப்பது ஓர் உயர வரைபடம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினோரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் நிலத்தின் உயரங்களை அளந்தது. அந்தத் தரவு ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்ற சதுரத் துண்டுகளாகக் கிடைக்கிறது. நீலகிரி பெரும்பாலும் `N11E076` என்ற துண்டுக்குள் வந்துவிடும். அதைத் திறந்தால் உள்ளே படம் இல்லை, எண்கள்தான். 3601 வரிசை, வரிசைக்கு 3601 கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம், அதற்குள் ஓர் எண்: அந்த இடத்தின் உயரம், மீட்டரில். இப்படிக் கட்டம் போட்டு எண் நிரப்பிய தாளைத்தான் ராஸ்டர் என்கிறோம்.

கிழங்குக்கு உயரம் மட்டும் போதாது, சரிவும் வேண்டும். சரிவு அதிகமானால் முதல் மழைக்கே மேல்மண் போய்விடும். உயரத்திலிருந்து சரிவைக் கணக்கிட ஒரு கட்டளை போதும்:

```
gdaldem slope N11E076.tif sarivu.tif -s 111120
```

கடைசியில் நிற்கும் 111120 என்ற எண்ணை விட்டுவிடாதீர்கள். கட்டங்களின் இடைவெளி டிகிரியில் இருக்கிறது, உயரம் மீட்டரில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லாமல் இரண்டையும் அப்படியே வகுத்தால், லேசான மேடும் செங்குத்துப் பாறையும் ஒன்றுபோல 90 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். மாவட்டம் முழுக்கச் சுவராக எழுந்து நிற்கும் படத்தைப் பார்த்தால் காரணம் இதுதான். இன்னொரு குழப்பம் சத்தமில்லாதது. சரிவைச் சிலர் டிகிரியில் சொல்வார்கள், சிலர் சதவீதத்தில். 15 சதவீதம் என்பது எட்டரை டிகிரிதான். 45 டிகிரி என்பது 100 சதவீதம். சதவீத ராஸ்டருக்கு டிகிரி எல்லைகளைப் பொருத்தினால் படம் கெட்டதாகத் தெரியாது. பல இடங்களில் நிலத்தை ஒரு படி மோசமாகக் காட்டும், அவ்வளவுதான். ராஸ்டரில் உள்ள மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள். 90-ஐத் தாண்டியிருந்தால் அது டிகிரி அல்ல.

இனி தரம் பிரிக்க வேண்டும். 1976-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு நில மதிப்பீட்டுக்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. மிகவும் ஏற்றது, ஓரளவு ஏற்றது, விளிம்பில் நிற்பது, ஏற்காதது என்ற தரங்கள் அதிலிருந்து வந்தவை. ‘நல்ல நிலம்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது, எந்தப் பயன்பாட்டுக்கு என்று சொன்ன பிறகே தரம் என்பது அதன் அடிப்படை. தேயிலைக்கு முதல் தரமாக இருக்கும் சரிவு, ஆண்டுதோறும் மண்ணைக் கிளறும் கிழங்குக்கு மூன்றாம் தரமாகலாம். நம் கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 8 டிகிரிக்குக் கீழே முதல் தரம், 15-க்குக் கீழே இரண்டு, 25-க்குக் கீழே மூன்று, அதற்கு மேல் நான்கு, அதாவது வேண்டாம். இந்த எண்கள் கணக்கை விளக்க நான் எடுத்தவை. உங்கள் ஊர் வேளாண் அலுவலர் வேறு எண் சொன்னால் அவர் எண்ணையே போடுங்கள், சூத்திரம் மாறாது.

கிராஸ் மென்பொருளில் அந்தச் சூத்திரம் இப்படி இருக்கும்:

```
r.mapcalc "tharam = if(sarivu < 8, 1, if(sarivu < 15, 2, if(sarivu < 25, 3, 4)))"
```

`if`-க்குள் மூன்று இடம். முதலில் கேள்வி, அடுத்து ஆம் என்றால் என்ன, கடைசியில் இல்லை என்றால் என்ன. இங்கே ‘இல்லை’ என்ற இடத்தில் இன்னொரு `if` உட்கார்ந்திருக்கிறது, அதன் ‘இல்லை’யில் இன்னொன்று. ராஸ்டரின் பெயரை ஒரு சாதாரண மாறி மாதிரி எழுதியிருக்கிறோம், ஆனால் இந்த ஒரு வரி சுமார் 1.3 கோடிக் கட்டங்களுக்கும் தனித்தனியே நடக்கிறது. வரைபடத்தையே இயற்கணிதத்தின் எழுத்தாகப் பாவிக்கும் இந்த முறையை 1980-களில் ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கரான டேனா டாம்லின். ஒரு கட்டத்தின் விடைக்கு அதே கட்டத்தை மட்டும் பார்க்கும் கணக்கு ஒரு வகை, அண்டைக் கட்டங்களையும் பார்க்கும் கணக்கு வேறொரு வகை என்று அவர் பிரித்தார். நம் `if` முதல் வகை. சற்றுமுன் செய்த சரிவுக் கணக்கு இரண்டாம் வகை: ஒரு கட்டத்தின் சரிவைச் சொல்ல அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களும் வேண்டும். இந்த வித்தியாசம் பிறகு நமக்கு ஒரு தொல்லை கொடுக்கப் போகிறது.

ஒன்பது கட்டங்களை மட்டும் எடுத்துக் கையால் போட்டுப் பார்ப்போம். கடைசிக் கட்டத்தில் தரவு இல்லை, அதற்கு நட்சத்திரக்குறி.

```
 3.2    7.6    8.0        1   1   2
11.4   15.0   19.8   →    2   3   3
24.9   31.5    *          3   4   *
```

8.0 என்ற கட்டத்தைப் பாருங்கள். ‘8-ஐ விடக் குறைவா’ என்ற கேள்விக்கு அது இல்லை என்கிறது, அடுத்த வாசலுக்குப் போகிறது, அங்கே 2 வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது வாசலில் ‘8 முதல் 15 வரையா’ என்று நாம் கேட்கவே இல்லை. அங்கே வந்து நின்றதே 8-க்குக் குறையவில்லை என்பதற்குச் சாட்சி. கோயில் வரிசை மாதிரி, முதல் வாசலில் உள்ளே போனவர் இரண்டாம் வாசலுக்கு வரமாட்டார். அதனால் வாசல்களின் வரிசை முக்கியம். எல்லைகளைத் தலைகீழாக, 25-இல் தொடங்கி எழுதினால் என்ன ஆகும்?

```
if(sarivu < 25, 3, if(sarivu < 15, 2, if(sarivu < 8, 1, 4)))
```

25-க்குக் குறைந்த எல்லாமே முதல் வாசலிலேயே 3 வாங்கிக்கொண்டு போய்விடும். 2, 1 என்ற வாசல்களுக்கு ஆளே வராது. கணினி பிழை என்று சொல்லாது, இலக்கணப்படி வரி சரியானதே. படத்தில் இரண்டே நிறம் இருக்கும், அவ்வளவுதான். பூஜ்யத்தில் நிற்கும் சமவெளிகூட மூன்றாம் தரமாக வந்திருப்பதைக் கண்டு சந்தேகப்பட வேண்டியது நாம்.

அடுக்கிய `if` பிடிக்காதவர்கள் இன்னொரு வழியில் எழுதுவார்கள். ஒரு கேள்விக்கு ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்பதைப் பயன்படுத்தி, ஒவ்வொரு கேள்வியையும் அதன் தர எண்ணால் பெருக்கிக் கூட்டிவிடுவது. க்யூஜிஐஎஸ் ராஸ்டர் கணிப்பானில் பழகியவர்களுக்கு இதுதான் கைவாகு:

```
1 * ("sarivu@1" < 8)
+ 2 * ("sarivu@1" >= 8 AND "sarivu@1" < 15)
+ 3 * ("sarivu@1" >= 15 AND "sarivu@1" < 25)
+ 4 * ("sarivu@1" >= 25)
```

இங்கே வாசல் வரிசை கிடையாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக ஒருவர் மட்டும் ஆம் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில். `>=` என்று எழுத வேண்டிய இடத்தில் `>` என்று எழுதினால், 8.0 என்ற கட்டத்துக்கு யாரும் ஆம் சொல்லமாட்டார்கள். அதன் தரம் 0, நாம் வகுக்கவே இல்லாத தரம். மறுபக்கம் `<= 8` என்றும் `>= 8` என்றும் இரண்டிலும் சமக்குறி போட்டால் இருவர் ஆம் சொல்வார்கள். 1-உம் 2-உம் கூடி 3 ஆகும். இரண்டாவது பிழை இன்னும் விஷமம். 0 வந்தால் கண்ணில் படும். 3 என்பது ஏற்கெனவே பட்டியலில் உள்ள தரம், அதனால் கூட்டத்தில் கலந்துவிடும்.

இந்தப் பிழை சரிவு ராஸ்டரில் பெரும்பாலும் வெளியே தெரியாது. சரிவு தசம எண். மிகச் சரியாக 8.000 என்று வரும் கட்டம் அபூர்வம். சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று நம்பி, அதே பாணியில் உயரத்துக்கும் ஒரு சூத்திரம் எழுதுவோம். அங்கே மாட்டிக்கொள்வோம். நம் உயரத் தரவு முழு எண், 1499-க்குப் பிறகு 1500, பிறகு 1501. எல்லை 1500 என்றால், அந்த எண்ணில் அப்படியே நிற்கும் கட்டங்கள் ஏராளம். அவை எல்லாம் 0 ஆகிவிட்டால், மலையைச் சுற்றி 1500 மீட்டரில் யாரோ பேனாவால் கோடு போட்டது போல ஒரு வரி ஓடும். அந்தக் கோட்டின் தோற்றத்திலிருந்தே காரணத்தைப் படிக்கலாம். 8 டிகிரிச் சரிவில் ஒரு மீட்டர் ஏற ஏழு மீட்டர் நடந்தால் போதும். 30 மீட்டர்க் கட்டங்களில் நான்கில் ஒன்றுதான் 1500-இல் அகப்படும், கோடு புள்ளி புள்ளியாக விழும். ஒரு டிகிரிச் சரிவில் ஒரு மீட்டர் ஏற 57 மீட்டர் நடக்க வேண்டும். அங்கே கோடு அறுபடாது, பட்டையாகவே தடிக்கும். செங்குத்தில் புள்ளி, சமவெளியில் பட்டை என்று வந்தால் சமக்குறி தவறியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

சூத்திரம் எழுதாமல் அட்டவணை நிரப்பித் தரம் பிரிக்கும் கருவிகளிலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. க்யூஜிஐஎஸ்-இன் அட்டவணைக் கருவி, நாம் மாற்றாதவரை, கீழ் எல்லையை விலக்கி மேல் எல்லையைச் சேர்த்துக்கொள்ளும். அதில் 8.0 முதல் தரம். நம் சூத்திரத்திலோ இரண்டாம் தரம். இரண்டும் தப்பில்லை. ஒரே அறிக்கையில் சரிவை ஒன்றாலும் உயரத்தை மற்றொன்றாலும் பிரித்தால்தான் தப்பு.

இனி அந்த நட்சத்திரக்குறிக் கட்டத்துக்கு வருகிறேன். ராஸ்டர் வேலையில் என்னை அதிகம் அவமானப்படுத்தியது இதுதான். ஒருமுறை சரிவு ராஸ்டரை ஒரு சிறு நிரலால் படித்து, கிராஸில் எழுதிய அதே அடுக்கு `if`-ஐ நம்பையில் எழுதினேன்:

```
np.where(s < 8, 1, np.where(s < 15, 2, np.where(s < 25, 3, 4)))
```

படம் அழகாக வந்தது. முதல் தர நிலத்தின் பரப்பை அறிக்கையில் எழுதினேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்ன ஒருவர்தான் கேட்டார்: “சுத்திலும் புடவை பார்டர் மாதிரி பச்சையா ஓடுதே, அது என்ன சார்?” துண்டின் நான்கு ஓரங்களிலும் ஒரு கட்ட அகலத்துக்கு முதல் தர நிலம். மலை, காடு, பள்ளம் எதையும் பொருட்படுத்தாமல் நூல் பிடித்தது போல நேராக ஓடியது.

காரணம் முன்பு சொன்ன அண்டைக் கட்டக் கணக்கு. ஓரத்தில் இருக்கும் கட்டத்துக்கு ஒரு பக்கம் அண்டை வீடு இல்லை, ஆகவே அங்கே சரிவைச் சொல்ல முடியாது. `gdaldem` அந்த இடத்தில் ‘தரவு இல்லை’ என்பதற்கு அடையாளமாக -9999 என்று எழுதுகிறது. -9999 என்பது எண்ணல்ல, குறி என்று கோப்பின் தலைப்பகுதியில் குறித்தும் வைக்கிறது. என் நிரல் தலைப்பகுதியைப் படிக்கவில்லை. -9999 என்பது 8-ஐ விடக் குறைவா? குறைவுதான். வாங்கிக்கொள் முதல் தரம். 3601-க்கு 3601 சதுரத்தின் ஓரத்தில் 14,400 கட்டங்கள். சுமார் 1,300 ஹெக்டேர் இல்லாத நிலம் என் அறிக்கையில் முதல் தரமாக விளைந்து நின்றது.

திருத்துகிறேன் என்று -9999-ஐ எல்லாம் எடுத்துவிட்டு ‘எண் அல்ல’ என்ற `nan` குறியைப் போட்டேன். பச்சைக் கரை போய்விட்டது. அந்த இடத்தில் சிவப்புக் கரை வந்தது! `nan`-ஐ எதனோடு ஒப்பிட்டாலும் நம்பை சொல்லும் பதில் ‘இல்லை’. 8-ஐ விடக் குறைவா, இல்லை. 15-ஐ விட? இல்லை. 25? இல்லை. எல்லா வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் மிச்சம் என்று வைத்திருந்த 4-க்குள் போய் விழுந்தது. ஒரே ஓட்டை, குறியை எழுதிய விதம் மட்டுமே வேறு. ஒருமுறை மிகச் சிறந்த நிலம், மறுமுறை மிக மோசமான நிலம். அடுக்கிய `if`-இன் கடைசி ‘இல்லை’ எப்போதும் ஒரு குப்பைத்தொட்டி. ‘25-க்கு மேல்’ என்று நாம் மனதில் நினைக்கிறோம், ஆனால் எழுதியிருப்பது ‘இதுவரை எதிலும் சேராதவை எல்லாம்’.

கிராஸ் இதில் கண்ணியமானது. அங்கே தரவில்லாத கட்டத்தைக் கேள்வி கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. விடையும் ‘தரவு இல்லை’ என்றே வரும். மேலே ஒன்பது கட்டக் கணக்கில் நட்சத்திரம் நட்சத்திரமாகவே நின்றது அதனால்தான். நம்பை போன்ற இடங்களில் அதை நாமே முதல் வாசலாக வைத்துவிட வேண்டும்:

```
np.where(np.isnan(s), 0, np.where(s < 8, 1, ...))
```

இங்கே 0 என்பது ‘தரவு இல்லை’ என்று கோப்பின் தலைப்பிலும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதையும் ஒரு தரமாக எண்ணுவார்.

இந்தப் பிழைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பிடிக்க நான் இப்போது செய்வது ஒரே வேலை. படத்தைப் பார்ப்பதற்கு முன் எண்ணிவிடுகிறேன். கிராஸில் `r.stats -c tharam` என்றால் தரத்துக்கு எத்தனை கட்டம் என்று பட்டியல் வரும், தரவில்லாதவை நட்சத்திரக்குறியோடு. நம் துண்டில் மொத்தம் 1,29,67,201 கட்டங்கள். 1, 2, 3, 4, நட்சத்திரம் என ஐந்து வரி மட்டும் இருக்க வேண்டும். கூட்டினால் இந்த மொத்தம் வர வேண்டும். நட்சத்திர வரி 14,400-க்குக் குறையக் கூடாது. 0 என்று ஒரு வரி வந்தால் எல்லையில் இடுக்கு இருக்கிறது. ஒரு தரம் பட்டியலிலேயே இல்லை என்றால் வாசல் வரிசை தலைகீழ். நட்சத்திர வரியே இல்லை என்றால் ஓட்டைகள் எங்கோ தரமாக வேடம் போட்டிருக்கின்றன. இரண்டு தரம் கூடி மூன்றாவதாக வேடம் போடும் பிழையை மட்டும் இந்தப் பட்டியல் காட்டாது. அதற்குச் சூத்திரத்தை அடுக்கு `if`-ஆகவும் கூட்டலாகவும் இரண்டு விதமாக எழுதி, விடைகள் வேறுபடும் கட்டங்களை `!=` போட்டுக் கேட்க வேண்டும்.

சரிவுத் தரம் கிடைத்துவிட்டது. உயரத்துக்கும் 1800-க்கு மேல் ஒன்று, 1500-க்கு மேல் இரண்டு, 1200-க்கு மேல் மூன்று, மற்றவை நான்கு என்று அதே பாணியில் ஒரு தர ராஸ்டர் செய்துகொண்டோம் என்று வையுங்கள். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? கை தானாகச் சராசரிக்குப் போகும். மேட்டுப்பாளையத்தின் ஒரு சமவெளிக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். சரிவில் தரம் 1, உயரத்தில் தரம் 4. சராசரி இரண்டரை: ஓரளவு ஏற்ற நிலம்! தரையின் தட்டைத்தன்மை அங்கே வெயிலைக் குறைத்துவிடுமா என்ன? இந்த 1, 2, 3, 4 எல்லாம் அளவுகள் அல்ல, வரிசைப் பெயர்கள். 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் 3-க்கும் 4-க்கும் உள்ள தூரமும் ஒன்றல்ல. கூட்டி வகுக்க அவற்றில் எதுவும் இல்லை. எந்தக் குறை பெரியதோ அதுவே நிலத்தின் தரம் என்று கொள்வது நேர்மையான வழி:

```
r.mapcalc "nilam = max(tharam, uyara_tharam)"
```

இதில் மேட்டுப்பாளையம் 4. ஊட்டி அருகே 20 டிகிரிச் சரிவு உயரத்தில் 1, சரிவில் 3, ஆகவே 3. விடையிலிருந்து காரணத்தையும் திரும்பப் படிக்கலாம்: எந்த ராஸ்டர் அந்த எண்ணைக் கொடுத்ததோ அதுவே தடை. சராசரியில் அந்தத் தடயம் அழிந்துபோகிறது.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் 14.9 டிகிரிக் கட்டம் ஒரு நிறம், பக்கத்திலுள்ள 15.1 வேறு நிறம். விண்கலத்தின் ரேடார் உயரத்தில் சில மீட்டர் பிசகும், சரிவும் அதோடு பிசகும். கால் டிகிரிகூட இல்லாத வித்தியாசத்தை நம்பிக் கோட்டின் இந்தப் பக்கத்துக்காரருக்கு ஒரு பதிலும் அந்தப் பக்கத்துக்காரருக்கு வேறு பதிலும் சொல்ல எனக்கு மனம் வராது. அதே `if` இதற்கும் உதவும்:

```
r.mapcalc "aiyam = if(abs(sarivu - 15) < 1, 1, 0)"
```

எல்லைக்கு ஒரு டிகிரிக்குள் நிற்கும் கட்டங்கள் இதில் 1 ஆகும். அவற்றை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் தரத்தின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் அற்பமாக இருந்தால் கோட்டை நம்பலாம். பெரும்பங்கு இதில் விழுந்தால் அந்தத் தரப் பெயர் வெறும் பெயர்தான். இந்த ஐய ராஸ்டரைக் கோடு கோடாகத் தர வரைபடத்தின் மேல் விரித்துத் தருவது என் வழக்கம். வாங்குபவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

எண்ணால் பிடிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. கேத்தி பக்கம் மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாகக் காய்கறி போட்டிருப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஒரு படியின் அகலம் சில மீட்டர். நம் கட்டம் 30 மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் பல படிகள் அடங்கிவிடும். ரேடாருக்குத் தெரிவது மலையின் சாய்வு, படியின் தட்டை அல்ல. ராஸ்டர் 20 டிகிரி என்று சொல்லும், சூத்திரம் 3 கொடுக்கும், அங்கே கேரட் பிடுங்கிக்கொண்டிருப்பவரோ சமதரையில் நின்றுகொண்டிருப்பார். 1976 சட்டகம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. நிலத்தின் இப்போதைய தகுதி ஒன்று, வேலை செய்து மேம்படுத்திய பிறகு வரக்கூடிய தகுதி வேறு, இரண்டையும் தனித்தனியே எழுது என்கிறது. ஆகவே படி வெட்டிய பகுதிகளை நேரில் பார்த்தோ செயற்கைக்கோள் படத்தில் வரைந்தோ `padi` என்று ஒரு ராஸ்டர் செய்து, படி உள்ள இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 என்று நிரப்பி, சூத்திரத்துக்குப் பின்னால் இன்னொரு வாசல் வைக்க வேண்டியிருக்கிறது:

```
r.mapcalc "tharam2 = if(padi == 1 && tharam == 3, 2, tharam)"
```

`padi` ராஸ்டரில் 0 போட மறந்து வெற்றிடமாக விட்ட கட்டங்கள் எல்லாம், கிராஸின் அந்தக் கண்ணியத்தாலேயே, இந்த வரியில் நட்சத்திரமாகிவிடும். மறுபடி எண்ண வேண்டும்.